சாயம் எங்கே போடலாம்? மரம் வரைந்து பார்ப்போம்

கேள்வி: ஐயா, திருப்பூரில் சிறிய அளவில் டி-ஷர்ட் ஏற்றுமதி செய்கிறேன். இப்போது ஐரோப்பிய பையரின் ஆர்டர் ஒன்று கையில் இருக்கிறது: நேவி ப்ளூ, 40,000 பீஸ், ஒரு கோடி ரூபாய். சாயம் போட வேண்டிய துணி 8,000 கிலோ. வழக்கமாகக் கொடுக்கும் பட்டறையில் கிலோவுக்கு 110 ரூபாய். பெருந்துறையில் உள்ள பெரிய பட்டறையில் 135 கேட்கிறார்கள். பழைய பட்டறைக்குக் கொடுத்த 20 ஆர்டரில் 6 முறை ஷேட் தகராறு. பெருந்துறைக்குக் கொடுத்த 16ல் ஷேட் பிரச்சினை வந்ததே இல்லை, ஆனால் 4 முறை துணி ஒரு வாரம் தாமதம். கப்பலை விட்டால் ஏர் ஃபிரைட் 18 லட்சம் ஆகும். எல்லாம் ஒழுங்காகப் போனால் பழைய பட்டறை ரேட்டில் எனக்கு 9 லட்சம் நிற்கும். எம்.பி.ஏ. படிக்கும் என் மகன் இ.எம்.வி. கணக்குப் போட்டு, பழைய பட்டறைக்குக் கொடுத்தால் செலவு 14 லட்சத்தைத் தாண்டும், பெருந்துறைதான் சரி என்கிறான். எனக்கோ 2 லட்சம் கூடக் கொடுக்க மனசு வரவில்லை. யார் சொல்வது சரி? ரெஜிஸ்டர் பக்கங்களின் நகலையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வணக்கம். மகன் எடுத்த இ.எம்.வி., அதாவது ஒவ்வொரு முடிவின் செலவையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டும் கணக்கு, சரியான கணக்குதான். ஆனால் முடிவு மரத்தில் ஆறு தகராறையும் ஒரே கிளையில் கட்டிவிட்டார். 20க்கு 6 என்றால் நூற்றுக்கு 30. அதை 18 லட்சத்தால் பெருக்கினால் 5.4 லட்சம், 8.8 லட்சம் கூலியோடு சேர்த்தால் 14.2 லட்சம். அதாவது ஷேட் தகராறு வந்த ஒவ்வொரு தடவையும் நீங்கள் விமானத்தில் அனுப்பினீர்கள் என்று அந்தக் கணக்கு சொல்கிறது. உங்கள் ரெஜிஸ்டர் அப்படிச் சொல்லவில்லை.

அந்த ஆறையும் தேதியோடு பார்த்தேன். நான்கு தடவை துணி திரும்பப் போய், மறுபடி சாயம் ஏறி, நாலைந்து நாளில் வந்திருக்கிறது. நைட் ஷிஃப்ட் ஓட்டிக் கப்பலைப் பிடித்திருக்கிறீர்கள். மீதி இரண்டு தடவைதான் உண்மையான அடி. இரண்டிலும் துணி முழுவதும் வந்து இறங்கி, கட்டிங் டேபிளில் விரித்த பிறகுதான் ரோலுக்கு ரோல் ஷேட் மாறுவது தெரிந்திருக்கிறது. அதற்குள் பத்து நாளுக்கு மேல் போய்விட்டது. ஆக, பழைய பட்டறைக்கு மூன்று கிளைகள்: 14 நல்லது, 4 சில்லறைத் தொல்லை, 2 பெரிய அடி.

மரம் வரைவது எப்படி என்று மகனுக்குத் தெரிந்திருக்கும். நாம் முடிவெடுக்கும் இடத்தில் ஒரு கட்டம், நம் கையில் இல்லாத இடத்தில் ஒரு வட்டம். இடமிருந்து வலமாக வரைந்து, வலமிருந்து இடமாகக் கணக்குப் போட வேண்டும். நூல் விலை, நிட்டிங், தையல் கூலி எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதனால் அவற்றை மரத்தில் ஏற்ற வேண்டாம். மாறுகிற செலவை மட்டும் எழுதுங்கள்.

வலது ஓரத்திலிருந்து தொடங்குவோம். பெரிய அடி விழுந்த கிளையின் முனையில் இன்னொரு கட்டம் இருக்கிறது. அங்கே உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, 18 லட்சம் கொடுத்து விமானம். இன்னொன்று, தாமதமாகக் கப்பலில் அனுப்பிவிட்டு பையரிடம் டிஸ்கவுண்ட் பேசுவது. பத்து சதவீதம் என்றால் 10 லட்சம்தானே, 18ஐ விடக் குறைவுதானே என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் பையர் டிஸ்கவுண்ட்டுக்கு ஒத்துக்கொள்வார் என்று யார் சொன்னது? சீசன் தவறினால் ஆர்டரையே கேன்சல் செய்யலாம். கேன்சலான சரக்கை ஸ்டாக் லாட்டில் பீஸ் 90 ரூபாய்க்குத் தள்ளினால் 36 லட்சம் வரும்; ஒரு கோடியில் 64 லட்சம் போச்சு. கேன்சலுக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால்:

0.8 × 10 + 0.2 × 64 = 20.8 லட்சம்

விமானம் 18. ஆக அந்தக் கட்டத்தில் விமானமே மலிவு. கேன்சல் வாய்ப்பு நூற்றுக்கு 15க்குக் கீழே இருந்தால்தான் டிஸ்கவுண்ட் பேசுவது லாபம். பல வருடமாகப் பழகிய பையர் என்றால் இருக்கலாம். இவர் உங்களுக்குப் புதியவரா பழையவரா என்று கடிதத்தில் இல்லை. நான் 18ஐயே எடுத்துக்கொள்கிறேன்.

மறுசாயத்தில் துணி எடை குறைவது, நைட் ஷிஃப்ட் கூலி, வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும் தையல் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் என்று வைப்போம். உங்கள் பழைய பில்களில் சரியான தொகை இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள். பழைய பட்டறையின் மூன்று முனைகளும் இப்படி நிற்கும்: ஒழுங்காக வந்தால் 8.8 லட்சம், சில்லறைத் தொல்லை என்றால் 10.3, பெரிய அடி என்றால் 8.8, 1.5, 18 மூன்றும் சேர்ந்து 28.3.

0.7 × 8.8 + 0.2 × 10.3 + 0.1 × 28.3 = 11.05 லட்சம்

மகனின் 14.2 எங்கே, இது எங்கே! கிளையைப் பிரித்ததில் மட்டும் மூன்று லட்சம் குறைந்துவிட்டது.

இப்போது பெருந்துறை. கூலி 10.8 லட்சம். அங்கே வந்த நான்கு தாமதமும் வேறு ஜாதி. மிஷின் வரிசையில் உங்கள் துணி பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது, அதை அவர்கள் முதல் இரண்டு மூன்று நாளிலேயே சொல்லியும் இருக்கிறார்கள். உங்கள் மெர்ச்சண்டைசர் ரெஜிஸ்டரின் ஓரத்தில் பென்சிலால் 'வெளித் தையல் சொல்லியாச்சு' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். முன்கூட்டித் தெரிந்ததால் ஒன்றரை லட்சத்தோடு சமாளித்துவிட்டீர்கள். அதனால் அந்த முனை 12.3 லட்சம்.

அங்கே பெரிய ஷேட் அடியின் வாய்ப்பு என்ன? பதினாறில் ஒன்றும் இல்லை என்பதால் பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள். பதினாறு தடவை மட்டும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்த மாதிரிதான் இதுவும்: பார்த்தது கொஞ்சம், பார்க்காதது நிறைய. நூற்றுக்கு ஐந்து வாய்ப்புள்ள விஷயம்கூடப் பதினாறு தடவையில் ஒரு முறையும் தலைகாட்டாமல் போக நூற்றுக்கு 44 வாய்ப்பு இருக்கிறது. சொந்த லேப் வைத்திருக்கும் பட்டறை என்பதால் நான் 3 என்று வைக்கிறேன். இது என் அனுமானம்தான், கணக்கு தந்த எண் அல்ல. அந்த முனையின் செலவு 10.8, 1.5, 18 சேர்ந்து 30.3.

0.72 × 10.8 + 0.25 × 12.3 + 0.03 × 30.3 = 11.76 லட்சம்

ஆக, இ.எம்.வி. படி உங்கள் பழைய பட்டறை ஏறத்தாழ 71,000 ரூபாய் மலிவு. உங்கள் மனசு சொன்னதுதான் சரி என்று இங்கேயே கடிதத்தை மடித்துவிடாதீர்கள்.

அந்த 0.1 எங்கிருந்து வந்தது? இருபதில் இரண்டு. அது எவ்வளவு ஏறினால் முடிவு புரளும் என்று பாருங்கள். பெரிய அடியின் வாய்ப்பு நூற்றுக்கு 10லிருந்து 13.6 ஆனால் இரண்டு பட்டறையும் சமம். அந்த இருபதில் இன்னும் ஒரே ஒரு ஆர்டர் கெட்டிருந்தால், அதாவது இருபதில் மூன்று என்றால், 15 ஆகிவிடும்; பெருந்துறை ஜெயித்துவிடும். ஒரே ஒரு ஆர்டர்! இருபதில் இரண்டு என்ற எண்ணிக்கையை வைத்து உண்மை வாய்ப்பு எது என்று புள்ளியியல்காரரைக் கேட்டால், நூற்றுக்கு ஒன்றிலிருந்து முப்பது வரை எங்கேயும் இருக்கலாம் என்பார். அப்படிப்பட்ட எண்ணின் மேல் நின்றுகொண்டு 71,000 ரூபாய் வித்தியாசத்தைப் பேசுவதில் அர்த்தமில்லை. என்னைக் கேட்டால், இந்த விடை 'இரண்டும் ஏறக்குறைய சமம்'. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இந்த எண்ணிக்கையை எடுக்கும் விதத்திலேயே ஒரு தப்பு நடக்கும், நானும் செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு கம்பெனிக்கு இதே போலக் கணக்குப் போட்டபோது, டெபிட் நோட் ஃபைலை எடுத்து எண்ணினேன். தகராறு ஐந்தே ஐந்துதான் வந்தது. பிறகுதான் தெரிந்தது, சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்ட தகராறுக்கெல்லாம் அங்கே டெபிட் நோட்டே போடுவதில்லை. அன்றிலிருந்து டெலிவரி சலான் தேதியும் இன்வர்ட் தேதியும் தவிர வேறு எதையும் நான் நம்புவதில்லை. நீங்கள் ரெஜிஸ்டர் அனுப்பியதால் தப்பித்தோம்.

சரி, சமம் என்றால் எதை வைத்து முடிவெடுப்பது? சராசரியை விட்டுவிட்டு முனைகளைப் பாருங்கள். இந்த ஆர்டரில் உங்களுக்கு நிற்பது 9 லட்சம். பழைய பட்டறையில் பெரிய அடி விழுந்தால் 19.5 லட்சம் கூடுதல் செலவு; 9 போய், கையிலிருந்து 10.5 லட்சம் போடுவீர்கள். பெருந்துறையில் கூலி 2 லட்சம் அதிகம் என்பதால் லாபம் 7லிருந்து தொடங்கும், தாமதமானாலும் ஐந்தரை நிற்கும். பெரிய அடி விழுந்தால் அங்கேயும் நஷ்டம்தான், ஆனால் வாய்ப்பு குறைவு.

இ.எம்.வி. என்பது சராசரி. இந்த ஆர்டரில் 11.05 லட்சம் என்ற செலவு எந்தக் கிளையிலும் வராது. ஒன்று 8.8, அல்லது 10.3, அல்லது 28.3. நூறு ஆர்டர் செய்பவருக்குத்தான் சராசரி கையில் வந்து சேரும். வருடத்துக்கு இதே அளவில் ஐந்து ஆர்டர் என்று வையுங்கள். ஐந்தையும் பழைய பட்டறையில் போட்டால், ஒரு தடவையாவது பெரிய அடி விழ நூற்றுக்கு 41 வாய்ப்பு. பெருந்துறையில் 14. பேக்கிங் கிரெடிட்டில் ஓடும் கம்பெனி ஒரே மாதத்தில் 10.5 லட்சம் கையிலிருந்து எடுத்து வைக்க முடியுமா? முடியும் என்றால் சராசரியைப் பார்த்து முடிவெடுங்கள். அடுத்த ஆர்டருக்கு நூல் வாங்கக் காசு இருக்காது என்றால், 71,000 ரூபாயை இன்சூரன்ஸ் பிரீமியமாக நினைத்துக்கொண்டு பெருந்துறைக்குப் போவதில் தப்பே இல்லை.

'நஷ்டத்தை பட்டறைக்காரரிடம் பிடித்துக்கொள்ளலாமே' என்று மகன் கேட்கலாம். அவருடைய மொத்த பில்லே 8.8 லட்சம். 18 லட்சத்துக்கு டெபிட் நோட் எழுதலாம், ஆனால் பில்லில் கொஞ்சம் பிடிப்பதற்கு மேல் கைக்கு வராது. மரத்தில் நான் அதைச் சேர்க்கவில்லை.

ஆனால் மரத்தை வரைந்ததில் கிடைத்த பெரிய லாபம் இந்த ஒப்பீடு அல்ல. பழைய பட்டறையின் பெரிய அடியையும் பெருந்துறையின் தாமதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெருந்துறையில் விஷயம் மூன்றாம் நாள் தெரிகிறது, ஒன்றரை லட்சத்தில் முடிகிறது. பழைய பட்டறையில் கட்டிங் டேபிளில் தெரிகிறது, அதனால்தான் 18 லட்சம் சேர்கிறது. பட்டறை மோசம் என்பதைவிட, தெரிய வரும் நாள் தாமதம் என்பதுதான் அந்தக் கிளையின் வியாதி. தெரிகிற நாளை முன்னால் இழுக்க முடிந்தால்?

அதாவது மரத்தில் மூன்றாவது கிளை ஒன்று இருக்கிறது: பழைய பட்டறையிலேயே போடுவது, ஆனால் முதல் லாட் மிஷினை விட்டு இறங்கியதும் சோதிப்பது. 8,000 கிலோவும் ஒரே நாளில் மிஷினுக்குப் போவதில்லை. லாட் லாட்டாகத்தான் போகும். முதல் லாட் காய்ந்ததும் உங்கள் ஆள் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். ரோலின் தலையிலிருந்தும் வாலிலிருந்தும் ஒவ்வொரு துண்டு வெட்டி, பையர் அப்ரூவ் செய்த லேப் டிப்போடு சேர்த்து லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சமான டி65ல் ஒத்துப்போகிற நேவி, கடை வெளிச்சமான டிஎல்84ல் சிவப்படித்து நிற்கும். இருண்ட நிறங்களில் இது சகஜம். அதனால் பையர் சொன்ன எல்லா விளக்கிலும் பாருங்கள். கூடவே வாஷ் ஃபாஸ்ட்னஸ், ரப்பிங், ஷ்ரிங்கேஜ் மூன்றுக்கும் லேபில் கொடுத்துவிடுங்கள். ஆள், லேப், வண்டி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் என்று வைக்கிறேன். முதல் லாட் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த லாட் மிஷினில் ஏற வேண்டும். இதைப் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் ராத்திரி ஷிஃப்ட்டில் மூன்று லாட் போட்டு முடித்துவிடுவார்.

சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. முதல் லாட் சரியாக வந்து, நான்காவது லாட் மாறலாம். பெரிய அடியாகப் போகிற பத்தில் ஆறை முன்கூட்டிப் பிடிக்கும் என்று வைப்போம். அந்த ஆறும் சில்லறைத் தொல்லையாகச் சுருங்கிவிடும். அப்போது பெரிய அடியின் வாய்ப்பு 0.10லிருந்து 0.04 ஆகிறது, சில்லறைத் தொல்லை 0.20லிருந்து 0.26 ஆகிறது, அடிப்படைச் செலவு 9 லட்சம் ஆகிறது.

9 + 0.26 × 1.5 + 0.04 × 19.5 = 10.17 லட்சம்

சோதிக்காமல் போடுவதைவிட 88,000 குறைவு, பெருந்துறையைவிட 1.59 லட்சம் குறைவு. பெரிய அடியின் வாய்ப்பும் கிட்டத்தட்ட பெருந்துறையின் அளவுக்கு இறங்கிவிட்டது. அப்புறம், முன்னால் பயமுறுத்திய கேள்வியை இங்கேயும் கேட்டுப் பாருங்கள்: உண்மையில் இருபதில் மூன்று என்றால்? சோதனையோடு சேர்த்தால் சுமார் 10.6 லட்சம்தான் வருகிறது, இன்னும் 11.76க்குக் கீழேதான். சரி, சோதனை பத்தில் ஆறைப் பிடிக்காது, அது அதிகம் என்றால்? ஒன்பதில் ஒன்றைப் பிடித்தாலே 20,000 ரூபாய் திரும்பி வந்துவிடும். முதல் இரண்டு கிளைகளுக்கு நடுவே ஒரே ஒரு ஆர்டர் முடிவைப் புரட்டியது. இது அப்படி எளிதில் புரளாது. அதனால்தான் நான் இதையே சொல்வேன்.

பாதி இங்கே, பாதி அங்கே என்று பிரிக்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரே நேவி ப்ளூவை இரண்டு பட்டறையில் போட்டால், ஷேட் தகராறை நாமே காசு கொடுத்து வாங்கிய கதையாகிவிடும். இரண்டு நிறம் உள்ள ஆர்டர் என்றால் நிறம் பார்த்துப் பிரிக்கலாம். இன்னொன்றும் உண்டு. இரண்டு பட்டறையும் தனித்தனி ரிஸ்க் என்று மரம் நினைத்துக்கொள்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர்ப் பிரச்சினையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, நல்ல பட்டறை கெட்ட பட்டறை என்று பார்க்காமல் நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒன்றாக நின்றன. அந்த மாதிரிக் கிளை உங்கள் இருபதிலும் இல்லை, பதினாறிலும் இல்லை. அதற்கு இந்த மரத்தில் விடை கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது ஒரு போன். பெருந்துறைக்குக் கூப்பிட்டு, இன்றைக்குச் சொன்னால் எட்டு டன்னுக்கு மிஷின் என்றைக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். முதல் லாட் சோதனையில் விழுந்தால் பழைய பட்டறையிலேயே மறுசாயம் போடுவதா, இல்லை மொத்தத்தையும் பெருந்துறைக்குத் தூக்கிக்கொண்டு போவதா என்று அங்கே இன்னொரு கட்டம் திறக்கிறது. அந்த இரண்டாவது வழி உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்பது அவர்கள் சொல்லும் தேதியில் இருக்கிறது. பத்து நாளுக்கு மேல் என்றால் அந்தக் கிளையை வெட்டிவிடுங்கள். நாலைந்து நாள் என்றால், முதல் லாட்டை ஏற்றும் நாளை அதற்குத் தகுந்த மாதிரி முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.